ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, இரண்டு கணினி: கேவிஎம் ஸ்விட்ச் வாங்கும்போதும் மாட்டும்போதும்

மேசையில் சொந்தக் கணினி ஒன்று, அலுவலக லேப்டாப் ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து ஒரே மானிட்டரும் கீபோர்டும்தான் வைக்க முடியும் என்கிற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேவிஎம் ஸ்விட்ச் என்ற சின்னப் பெட்டியை நடுவில் வைத்து எல்லாவற்றையும் அதில் மாட்டி, ஒரு பட்டனை அழுத்தி இந்தக் கணினிக்கும் அந்தக் கணினிக்கும் மாறிக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். கீபோர்டும் மவுஸும் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். திரைதான் கேட்காது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இல் நின்றுவிடும், மாறிவிட்டுத் திரும்பி வந்தால் திறந்து வைத்திருந்த ஜன்னல்கள் எல்லாம் இடது மூலையில் சுருண்டு கிடக்கும், சில சமயம் மானிட்டர் ஒன்றுமே காட்டாமல் தூங்கப் போய்விடும். இதிலெல்லாம் மாட்டிக்கொண்டு திண்டாடியபின் எனக்குத் தெளிவானது, இந்தத் தொல்லைகளில் பாதிக்கு மேல் வாங்கும்போதே தவிர்க்கக் கூடியவை என்பதுதான்.

எடுத்துக்காட்டு இல்லாமல் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் கடைசிவரை ஒரே அமைப்பை வைத்துக்கொள்வோம்: 2560×1440 ரெசல்யூஷன், 144 ஹெர்ட்ஸ் ஓடும் மானிட்டர், டிஸ்பிளே போர்ட் வழியாகப் படம் அனுப்பும் மேசைக் கணினி, டைப்-சி துளை மட்டுமே உள்ள லேப்டாப். உங்களுடையது வேறாக இருக்கலாம், கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

## 1. முதலில், கேவிஎம் உண்மையிலேயே வேண்டுமா என்று பாருங்கள்

மானிட்டரின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு வீடியோ துளைகள் இருந்து, இரண்டும் உங்களுக்கு வேண்டிய வேகத்தைத் தருமானால், இரண்டு கணினிகளையும் மானிட்டரிலேயே நேராக மாட்டிவிடலாம். பகிர வேண்டியது கீபோர்டும் மவுஸும் மட்டும். அதற்கு வெறும் யுஎஸ்பி ஸ்விட்ச் போதும், விலையும் நல்ல கேவிஎம்மில் ஒரு சிறு பங்குதான் வரும். வீடியோ கேபிள் நடுவில் எங்கேயும் அறுபடாததால் கீழே நான் சொல்லப்போகிற திரைத் தொல்லைகளில் பெரும்பாலானவை எட்டிக்கூடப் பார்க்காது.

இதில் உள்ள ஒரே சங்கடம், யுஎஸ்பி ஸ்விட்சின் பட்டனை அழுத்திய பிறகு மானிட்டரின் மெனுவுக்குள் போய் உள்ளீட்டையும் மாற்ற வேண்டும். அதையும் கணினியிலிருந்தே செய்யலாம். பெரும்பாலான மானிட்டர்கள் வீடியோ கேபிள் வழியாகவே கட்டளைகளை வாங்கிக்கொள்ளும். மெனுவில் `DDC/CI` என்ற அமைப்பு இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். லினக்ஸில் இப்படி:

```
ddcutil capabilities
ddcutil setvcp 60 0x0f
ddcutil setvcp 60 0x11
```

முதல் வரி உங்கள் மானிட்டர் எந்தெந்த உள்ளீட்டு எண்களை ஏற்கும் என்று பட்டியலிடும். வழக்கமாக `0x0f` முதல் டிஸ்பிளே போர்ட், `0x11` முதல் எச்டிஎம்ஐ. ஆனால் சில மானிட்டர்கள் சொந்தமாக எண் வைத்துக்கொள்ளும் என்பதால் பட்டியலைப் பார்க்காமல் அடிக்காதீர்கள். விண்டோஸிலும் மேக்கிலும் இதே வேலையைச் செய்யும் சிறு நிரல்கள் உண்டு. கட்டளையை ஒரு ஷார்ட்கட் விசையில் கட்டிவிட்டால் கதை முடிந்தது.

இன்னொன்றும் பாருங்கள். மானிட்டரில் டைப்-சி துளை ஒன்றும், அச்சுப்பொறிகளில் இருக்குமே அந்தச் சதுரமான யுஎஸ்பி-பி துளை ஒன்றும் சேர்ந்து இருந்தால், உள்ளேயே கேவிஎம் வசதி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மானுவலைத் திறந்து பார்த்துவிடுங்கள். இருப்பது தெரியாமல் தனிப் பெட்டி வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

அப்படியானால் கேவிஎம் யாருக்கு? நம் எடுத்துக்காட்டு மானிட்டரில் டிஸ்பிளே போர்ட்டில் மட்டும்தான் 144 ஹெர்ட்ஸ் ஓடுகிறது, எச்டிஎம்ஐ துளை பழைய தலைமுறை, 75-க்கு மேல் ஏறாது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கணினிகளும் அந்த ஒரே நல்ல துளையைத்தான் பகிர வேண்டும். அலுவலக லேப்டாப்பில் எந்த நிரலும் நிறுவ அனுமதி இல்லை என்பதும் சேர்ந்தால் கேவிஎம் தவிர வழியில்லை.

## 2. உங்கள் படத்துக்கு எவ்வளவு வேகம் தேவை என்று கணக்குப் போடுங்கள்

பெட்டியின் மேல் பெரிதாக "4கே" என்று போட்டிருப்பதை நம்பி வாங்குவதுதான் முதல் பொறி. 4கே என்பது ரெசல்யூஷன் மட்டும். விநாடிக்கு 30 முறை புதுப்பித்தாலும் அது 4கே தான், 60 முறை என்றாலும் 4கே தான். விநாடிக்கு 30 முறை மட்டும் புதுப்பிக்கும் திரையில் மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகும், அரை மணி நேரம்கூட உட்கார்ந்து வேலை செய்ய முடியாது.

கணக்கு எளிது. அகலத்தை உயரத்தால் பெருக்கி, அதை ரெஃப்ரெஷ் ரேட்டான ஹெர்ட்ஸ் எண்ணால் பெருக்கி, ஒரு புள்ளிக்கு 24 பிட் என்று மறுபடி பெருக்குங்கள். நம் மானிட்டருக்கு 2560 × 1440 × 144 × 24, அதாவது விநாடிக்குச் சுமார் 12.7 ஜிகாபிட். வரிகளுக்கு நடுவே விடப்படும் இடைவெளிக்காக இன்னும் பத்து சதவீதம் போல சேர்த்துக்கொண்டால் 14 ஜிகாபிட்.

இப்போது இணைப்பு எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம். எச்டிஎம்ஐ 1.4 உண்மையில் படத்துக்குக் கொடுப்பது 8.16 ஜிகாபிட், எச்டிஎம்ஐ 2.0 கொடுப்பது 14.4, டிஸ்பிளே போர்ட் 1.2 கொடுப்பது 17.28, டிஸ்பிளே போர்ட் 1.4 கொடுப்பது 25.92. விளம்பரத்தில் இதைவிடப் பெரிய எண்கள் இருக்கும் (எச்டிஎம்ஐ 2.0-க்கு 18 என்று போடுவார்கள்). அதில் ஐந்தில் ஒரு பங்கு சமிக்ஞையைக் குறிமுறையாக்குவதற்கே போய்விடும், அதை உங்கள் படத்துக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது.

ஆக நம் 14 ஜிகாபிட்டுக்கு எச்டிஎம்ஐ 2.0 விளிம்பில்தான் பொருந்துகிறது. டிஸ்பிளே போர்ட் 1.2 என்றால் தாராளம். 1.4 பெட்டி கிடைத்தால் பத்து பிட் நிறத்துக்கும் இடம் இருக்கும். இரண்டு கணினி, மானிட்டர், கேவிஎம், கேபிள் என்று எல்லாவற்றிலும் மிகக் குறைந்த வேகம் எதுவோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

லேப்டாப்பின் டைப்-சி துளையில் தனியாக ஒரு பொறி இருக்கிறது. முதலில், டைப்-சி துளை எல்லாமே படம் அனுப்பும் என்று இல்லை. துளையின் பக்கத்தில் டிஸ்பிளே போர்ட் சின்னமோ தண்டர்போல்ட் மின்னல் சின்னமோ இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் மானுவலைப் பாருங்கள். இரண்டாவது, அந்தத் துளைக்குள் அதிவேகத் தடங்கள் நான்கு. படம் மட்டும் அனுப்பினால் நான்கும் படத்துக்கே. அதே கேபிளில் யுஎஸ்பி 3 வேகத் தரவையும் கொண்டுவரும் ஹப் ஒன்றை நடுவில் மாட்டினால் இரண்டு தடங்கள் அதற்குப் போய்விடும், படத்துக்கு மிச்சம் இரண்டுதான். டிஸ்பிளே போர்ட் 1.2 வேகத்தில் இரண்டு தடங்கள் தருவது 8.64 ஜிகாபிட். 144 ஹெர்ட்ஸுக்கு அது போதாது, 60-க்கோ 75-க்கோ இறங்கிவிடும். "நேராக மாட்டினால் 144 வருகிறது, ஹப் வழியாக மட்டும் வரமாட்டேன் என்கிறது" என்று புலம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஹப்பை விட்டுவிட்டு, ஒரு முனை டைப்-சி, மறு முனை டிஸ்பிளே போர்ட் என்று இருக்கும் சாதாரணக் கேபிளை வாங்குங்கள். யுஎஸ்பிக்குத் தனியாக ஒரு கேபிள் கேவிஎம்முக்குப் போகட்டும்.

## 3. விவரத்தாளில் தேட வேண்டிய சொல்: இடிஐடி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மானிட்டருக்குள் ஒரு சின்ன நினைவகத்தில் அதன் விவரம் எழுதியிருக்கும்: என்ன பெயர், என்னென்ன ரெசல்யூஷன், எவ்வளவு ஹெர்ட்ஸ். அடிப்படைப் பகுதி 128 பைட்தான். இதற்குப் பெயர்தான் இடிஐடி. கேபிளை மாட்டியதும் கணினி அதைப் படித்துத்தான் எப்படிப் படம் அனுப்புவது என்று முடிவு செய்யும். அதோடு, "மானிட்டர் மாட்டியிருக்கிறது" என்று சொல்வதற்கென்றே கேபிளில் ஒரு கம்பி உண்டு. அந்தக் கம்பியில் மின்னழுத்தம் போய்விட்டால் கணினியைப் பொறுத்தவரை மானிட்டரைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

விலை குறைந்த கேவிஎம் செய்வது இதுதான்: பட்டனை அழுத்தியதும் வீடியோ கம்பிகளை ஒரு கணினியிலிருந்து அப்படியே துண்டித்து மற்றதில் சேர்க்கிறது. துண்டிக்கப்பட்ட கணினி திரை போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, இருந்த ஒரே திரையும் இல்லாததால் 1024×768 போன்ற ஒரு கற்பனைத் திரைக்குள் எல்லா ஜன்னல்களையும் அடைத்துவிடும். நீங்கள் திரும்பி வரும்போது அவை அந்தச் சின்ன அளவிலேயே மூலையில் கிடக்கும். லேப்டாப்பை மூடி வைத்திருந்தால் இன்னும் மோசம்: வெளித்திரையும் இல்லை, மூடியும் மூடியிருக்கிறது, சரி தூங்கலாம் என்று போய்விடும். பாதியில் இருந்த டவுன்லோடு, ஓடிக்கொண்டிருந்த அழைப்பு எல்லாம் அதோடு அறுந்துபோகும்.

இடிஐடி எமுலேஷன் உள்ள கேவிஎம், மானிட்டரின் அந்த 128 சொச்ச பைட்டை நகலெடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு கணினிகளுக்கும் எந்நேரமும் "மானிட்டர் இங்கேதான் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கணினிக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. ஜன்னல்கள் அப்படியே இருக்கும், மாறும் நேரமும் குறையும்.

இதிலும் இரண்டு வகை உண்டு என்பதுதான் கடைக்காரர்கள் சொல்லாத விஷயம். ஒரு வகை உங்கள் மானிட்டரின் உண்மையான இடிஐடியைப் படித்து நகலெடுக்கும். மற்றது தொழிற்சாலையிலேயே எழுதி வைத்த ஒரு பொது விவரத்தை எல்லாரிடமும் நீட்டும். அந்தப் பொது விவரத்தில் 2560×1440, 144 ஹெர்ட்ஸ் என்ற வரி இருக்காது. ஏதோ தொலைக்காட்சியின் விவரம்போல இருந்தால் கணினியும் தொலைக்காட்சிக்கு அனுப்புவதுபோல அனுப்பும்: நிறம் வெளுத்துத் தெரியும், கறுப்பு சாம்பலாகும், படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கும்.

அதனால் பொருள் பக்கத்தில் நின்றுவிடாமல் மானுவலின் பிடிஎஃப்பை இறக்கி, `EDID` என்று தேடுங்கள். மானிட்டரிலிருந்து படிக்கிறதா, எப்போது படிக்கிறது, இரண்டு உள்ளீட்டிலும் எப்போதும் வைத்திருக்கிறதா என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். அந்தச் சொல்லே இல்லை என்றால் அந்த வசதி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்பிளே போர்ட் கேவிஎம்களில் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். எச்டிஎம்ஐயில் இந்த வசதி பரவலாகவும் மலிவாகவும் கிடைக்கிறது. டிஸ்பிளே போர்ட்டில் கணினியும் மானிட்டரும் தொடக்கத்தில் பேசி வேகத்தை ஒத்துக்கொள்ளும் சடங்கு ஒன்று இருப்பதால், அதையும் சேர்த்து நடிக்கத் தெரிந்த பெட்டிகள் குறைவு, விலையும் பல மடங்கு.

## 4. கேபிள்: எத்தனை, எவ்வளவு நீளம், எந்தத் திசை

நம் அமைப்புக்கு மொத்தம் ஐந்து கேபிள் வேண்டும். மேசைக் கணினியிலிருந்து டிஸ்பிளே போர்ட் ஒன்று, யுஎஸ்பி ஒன்று. லேப்டாப்பிலிருந்து டைப்-சி முதல் டிஸ்பிளே போர்ட் ஒன்று, யுஎஸ்பி ஒன்று. கேவிஎம்மிலிருந்து மானிட்டருக்கு டிஸ்பிளே போர்ட் ஒன்று. லேப்டாப்பில் டைப்-சி துளைகள் மட்டுமே என்பதால் அதன் யுஎஸ்பி கேபிளும் ஒரு பக்கம் டைப்-சியாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் வரும் கேபிள் எல்லாவற்றுக்கும் போதாது. இதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்காமல் பெட்டியை மட்டும் வாங்கிவிட்டு, இழுப்பறையில் கிடந்த பழைய கேபிளைத் தேடி மாட்டுகிறவர்கள்தான் பிறகு "கேவிஎம் சரியில்லை" என்று சொல்கிறவர்கள்.

நீளத்தைக் கூட்டிப் பாருங்கள். கணினியிலிருந்து கேவிஎம் வரைக்கும், அங்கிருந்து மானிட்டர் வரைக்கும் ஒரே பாதைதான். நடுவில் பெட்டி ஒரு கூடுதல் இணைப்பு. இரண்டு மீட்டர் கேபிள் தனியாக நன்றாக ஓடியிருக்கும், அதே மாதிரி இரண்டு சேர்ந்து நடுவில் ஒரு பெட்டியும் வந்தால் படம் விட்டுவிட்டுப் போகலாம். ஒவ்வொன்றும் ஒன்று அல்லது ஒன்றரை மீட்டருக்குள் வைத்துக்கொள்வதுதான் நல்லது. கேவிஎம்மை மானிட்டருக்குப் பின்னால் அழகாக ஒளித்து வைக்க வேண்டும் என்பதற்காக நீளக் கேபிள் வாங்காதீர்கள்.

மாற்றிகளுக்குத் திசை உண்டு. கணினியின் டிஸ்பிளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ மானிட்டருக்குப் போகும் மலிவான மாற்றி, எச்டிஎம்ஐ கணினியிலிருந்து டிஸ்பிளே போர்ட்டுக்கு வேலை செய்யாது. அதற்குத் தனி மின்சாரம் வாங்கும் மாற்றி வேண்டும். போகிற திசையிலும் ஒரு சிக்கல்: மலிவான மாற்றி உண்மையில் எதையும் மாற்றுவதில்லை, கணினியையே எச்டிஎம்ஐ சமிக்ஞை அனுப்பச் சொல்லும். நடுவில் டிஸ்பிளே போர்ட் கேவிஎம் இருந்தால் அந்தச் செய்தி பெரும்பாலும் கணினிக்குப் போய்ச் சேராது. ஆகவே மூன்று பக்கமும் ஒரே வகைத் துளையாக இருக்கும்படி பெட்டியைத் தேர்ந்தெடுங்கள், மாற்றியே இல்லாமல் முடிந்தால் உத்தமம்.

டிஸ்பிளே போர்ட் கேபிளில் இன்னொரு நுணுக்கம். தரமான கேபிளில் இரு முனைகளிலும் 20-ஆவது ஊசி ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்காது. சில மலிவுக் கேபிள்களில் இணைத்துவிடுவார்கள், அதன் வழியே மானிட்டரின் மின்சாரம் கணினிக்குள் பாயும். கணினியை அணைத்த பின்னும் மதர்போர்டில் விளக்கு எரிவது, அல்லது கேபிள் மாட்டியிருக்கும்போது மட்டும் கணினி கிளம்ப மறுப்பது இதன் அறிகுறி. `VESA` சான்று பெற்ற கேபிள் வாங்கினால் இந்தக் கவலை இல்லை.

## 5. மாட்டும் வரிசை

முதலில் கேவிஎம்மைத் தொடவே தொடாதீர்கள். மேசைக் கணினியை மானிட்டரில் நேராக மாட்டி 144 வருகிறதா பாருங்கள். விண்டோஸ் 11-இல் `Settings > System > Display > Advanced display` போனால் இப்போது ஓடும் எண் தெரியும். அப்புறம் லேப்டாப்பையும் அதேபோல் நேராக மாட்டிப் பாருங்கள். நேராகவே வராத ஒன்று கேவிஎம் வழியாக வரப்போவதில்லை. இதற்குக் கால் மணி நேரம் ஆகும். பிறகு பழி யார்மேல் என்று தேடும் பல மணி நேரம் மிச்சம்.

இரண்டும் சரி என்றால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேபிள்களை மாட்டுங்கள். கேவிஎம்முக்கென்று அடாப்டர் கொடுத்திருந்தால், யுஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடுகிறதே என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு கணினி அணைந்திருக்கும்போது மின்சாரம் போதாமல் இடிஐடி நகல் மறந்துபோகும் பெட்டிகள் உண்டு. பின்பு முதலில் மானிட்டர், அடுத்து கேவிஎம், கடைசியில் கணினிகள் என்று இந்த வரிசையில் இயக்குங்கள். மானிட்டரின் விவரத்தைக் கேவிஎம் தான் விழித்தெழும்போதுதான் படிக்கும் என்றால், அந்த நேரத்தில் மானிட்டர் தூங்கிக்கொண்டிருந்தால் வெறும் பொது விவரம்தான் அதனிடம் இருக்கும்.

மானிட்டர் மெனுவில் இரண்டு வேலை. உள்ளீட்டைத் தானாகத் தேடும் வசதியை நிறுத்திவிட்டு டிஸ்பிளே போர்ட் என்று நிலையாக வையுங்கள். மாறும்போது வரும் ஓரிரு விநாடி இருட்டில் மானிட்டர் மற்ற துளைகளை ஒவ்வொன்றாகத் தேடக் கிளம்பி, எதிலும் ஒன்றும் இல்லை என்று தூங்கிவிடுவது இதனால்தான். ஆழ்ந்த உறக்கம் என்ற பொருளில் `Deep Sleep` அமைப்பு இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

## 6. கீபோர்டை எந்தத் துளையில் மாட்டுவது

கேவிஎம்மில் கீபோர்டு, மவுஸ் படம் போட்ட துளைகள் தனியாகவும் சாதாரண யுஎஸ்பி துளைகள் தனியாகவும் இருக்கும். படம் போட்டவற்றில் பல, கீபோர்டு அழுத்தல்களைத் தாமே வாங்கிப் பிறகு கணினிக்கு ஒரு பொதுக் கீபோர்டாக நடித்துக் கொடுக்கும். இதனால் மாறுவது உடனே நடக்கும், `Scroll Lock` விசையை இருமுறை தட்டினால் மாறுவது போன்ற குறுக்குவழியும் வேலை செய்யும். ஆனால் நிரல் வைத்து அமைக்கும் கூடுதல் விசைகள், விளக்குகள், பல பட்டன் மவுஸ் போன்றவை இந்தத் துளையில் ஊமையாகலாம். அப்போது சாதாரணத் துளைக்கு மாற்றுங்கள். எல்லாம் வேலை செய்யும், பதிலுக்குக் குறுக்குவழி போய்விடும், ஒவ்வொரு முறையும் கணினி கீபோர்டைப் புதிதாக அடையாளம் காண ஓரிரு விநாடி எடுக்கும்.

வயர்லெஸ் கீபோர்டு என்றால் அதன் ரிசீவரை யுஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். யுஎஸ்பி 3-இன் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும். எழுத்துகள் விட்டுப்போவதும் மவுஸ் திக்குவதும் அதனால்தான். சின்ன நீட்டிப்புக் கேபிளில் மாட்டிக் கொஞ்சம் தள்ளி வைத்தால் தீரும்.

## 7. படம் சரியில்லை என்றால்

எண்ணைக் குறைத்துப் பார்ப்பதுதான் முதல் சோதனை. திரை அவ்வப்போது ஒரு விநாடி கறுத்துத் திரும்புகிறது, அல்லது வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன என்றால் ரெஃப்ரெஷ் ரேட்டை 60-க்கு இறக்குங்கள். நின்றுவிட்டால் சமிக்ஞை வழியில் வலுவிழக்கிறது. கேபிளைக் குட்டையாக்குங்கள் அல்லது நல்லதாக்குங்கள். 60-இலும் அதே கதை என்றால் சந்தேகத்தைக் கேவிஎம் மேல் திருப்புங்கள், அதை நீக்கிவிட்டு நேராக மாட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

பட்டியலில் 144 என்ற தேர்வே வரவில்லை என்றால் அது கேபிள் வலு பற்றியது மட்டும் அல்ல. கணினி வேறு இடிஐடியைப் படிக்கிறதா என்று பாருங்கள். அமைப்புகளில் மானிட்டரின் பெயர் என்னவென்று காட்டுகிறது? உங்கள் மானிட்டரின் மாடல் பெயருக்குப் பதில் கேவிஎம்மின் பெயரோ ஏதோ பொதுப் பெயரோ இருந்தால் நகல் எடுக்கப்படவில்லை. மானிட்டரும் கேவிஎம்மும் மின்சாரம் இல்லாமல் ஒரு நிமிடம் இருக்கட்டும், மறுபடி மேலே சொன்ன வரிசையில் இயக்குங்கள். பெயர் சரியாகவே இருந்தும் 144 இல்லை என்றால் இரண்டாம் படியில் சொன்ன தடங்கள், ஹப் பக்கம் போங்கள்.

எமுலேஷன் இல்லாத பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், ஜன்னல்கள் சுருளும் தொல்லையைக் கொஞ்சம் தணிக்கலாம். விண்டோஸ் 11-இல் `Settings > System > Display > Multiple displays` என்ற இடத்தில் `Remember window locations based on monitor connection` என்பதை டிக் செய்யுங்கள். லேப்டாப்பின் மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்றும் மின்சார அமைப்பில் வைத்துவிடுங்கள். வன்பொருளாகத் தீர்க்க, கணினிக்கும் கேவிஎம்முக்கும் நடுவே மாட்டும் விரலளவு இடிஐடி எமுலேட்டர்கள் விற்கின்றன. ஒவ்வொரு கணினிக்கும் ஒன்று வேண்டும், உங்கள் மானிட்டரை நகலெடுக்கக் கூடியதாகவும் உங்கள் வேகத்தைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். இரண்டு வாங்கிக் கணக்குப் பார்த்தால் சில சமயம் நல்ல கேவிஎம் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

லினக்ஸில் காசே இல்லாமல் தீர்க்கலாம். மானிட்டரை நேராக மாட்டியிருக்கும்போது இடிஐடியைக் கோப்பாக எடுத்து, கர்னலையே அதை நம்ப வையுங்கள்:

```
ls /sys/class/drm
cat /sys/class/drm/card0-DP-1/edid > monitor.bin
sudo mkdir -p /lib/firmware/edid
sudo cp monitor.bin /lib/firmware/edid/
```

`card0-DP-1` என்பது உங்கள் கணினியில் வேறாக இருக்கலாம், முதல் வரி காட்டுவதைப் போடுங்கள். பிறகு துவக்க அமைப்பில் கர்னல் வரியோடு இதைச் சேர்க்க வேண்டும்:

```
drm.edid_firmware=DP-1:edid/monitor.bin video=DP-1:e
```

கடைசியில் இருக்கும் `e` அந்தத் துளையில் மானிட்டர் எப்போதும் இருப்பதாகவே வைத்துக்கொள் என்று சொல்வது. வீடியோ டிரைவர் துவக்கத்திலேயே ஏறும் அமைப்பானால் அந்தக் கோப்பு இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோப்பைக் காணோம் என்று கர்னல் பதிவில் முணுமுணுத்துவிட்டுப் பழையபடியே நடந்துகொள்ளும். கர்னலோடு வரும் திறந்தமூல டிரைவர்களுக்கு இது பொருந்தும். மூடிய டிரைவர்களுக்கு அவற்றுக்கான தனி வழி உண்டு.

எல்லாம் சரியாக ஓடியும் காசு கட்டிப் பார்க்கும் படங்கள் மட்டும் கறுப்பாகத் தெரிந்தால், பெட்டி `HDCP` என்ற நகல் பாதுகாப்பின் வேண்டிய பதிப்பைக் கடத்தவில்லை. இதற்கு அமைப்பு மாற்றி ஒன்றும் செய்ய முடியாது, பெட்டியைத்தான் மாற்ற வேண்டும்.

## 8. திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் செய்ய வேண்டிய சோதனை

வாங்கும்போதே திருப்பிக் கொடுக்க எத்தனை நாள், திறந்த பெட்டியை ஏற்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேவிஎம்மைப் பொறுத்தவரை விவரத்தாள் எவ்வளவு படித்தாலும் உங்கள் கிராபிக்ஸ் கார்டோடும் மானிட்டரோடும் ஒத்துப்போகுமா என்பது மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். அட்டைப்பெட்டி, அடாப்டர், கட்டியிருந்த கம்பி வரைக்கும் எடுத்து வையுங்கள்.

முதல் நாளே இவற்றைச் செய்து பாருங்கள். இரண்டு கணினியும் ஓடும்போது இங்கும் அங்கும் பத்து முறையாவது மாறுங்கள். படம் வர இரண்டு முதல் ஐந்து விநாடி ஆகலாம், அதற்கு மேல் போனாலோ ஒரு முறையாவது வராமல் போனாலோ குறித்துக்கொள்ளுங்கள். கேவிஎம் லேப்டாப் பக்கம் இருக்கும்போது மேசைக் கணினியை மறுதொடக்கம் செய்து, அது முழுக்க ஏறிய பிறகு மாறிப் பாருங்கள்; சரியான ரெசல்யூஷனில் வர வேண்டும். மேசைக் கணினி துவங்கும்போது பயாஸுக்குள் போகும் விசை இந்தக் கீபோர்டிலிருந்து வேலை செய்கிறதா என்றும் பாருங்கள், என்றைக்கோ ஒரு நாள் கணினி கிளம்பாமல் போகும்போதுதான் இது தேவைப்படும்.

கடைசியாக, இரவு இரண்டையும் தூங்க விட்டுவிட்டுக் காலையில் கீபோர்டைத் தட்டி எழுப்புங்கள். நிறையப் பெட்டிகள் பகல் சோதனை எல்லாவற்றிலும் தேறிவிட்டு இதில்தான் விழும்: கணினி எழுந்திருக்கும், மானிட்டர் இருட்டாகவே இருக்கும், அல்லது கீபோர்டு தட்டுவதே கணினிக்குப் போய்ச் சேராது. மானிட்டரின் உறக்க அமைப்பை மாற்றியும், கேவிஎம்முக்கு அடாப்டர் கொடுத்தும் இரண்டாம் காலையும் இதே நடந்தால் மேற்கொண்டு மெனக்கெடாமல், எந்த ரெசல்யூஷனில், எத்தனை ஹெர்ட்ஸில், எந்தக் கேபிளில் இப்படி ஆனது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியோடு வைத்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.